பார்சலைப் பிரிக்கும் வீடியோ: பணம் திரும்பக் கேட்கும்போது எது ஆதாரமாக நிற்கும்?

“ஆன்லைனில் கேமரா லென்ஸ் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன முறை வேறொரு பொருளுக்கு அப்படி எடுத்து அனுப்பியும் ‘இந்த வீடியோவை ஏற்க முடியாது’ என்று சொல்லிவிட்டார்கள். எப்படி எடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்? பிரிப்பதற்கு முன்னால் போட்டோவும் எடுக்க வேண்டுமா?”

போட்டோவும் வேண்டும், வீடியோவும் வேண்டும். டேப், லேபிள், மூலை மடிப்பு போன்ற நுணுக்கங்களைத் தெளிவாகக் காட்டுவது போட்டோ. இடையில் யாரும் எதையும் மாற்றவில்லை என்று காட்டுவது வீடியோ. ஒன்று செய்கிற வேலையை மற்றொன்று செய்யாது. போன முறை என்ன காரணம் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: கையில் கத்தியை எடுத்த பிறகுதான் வீடியோ தொடங்கியிருக்கும்.

பார்சல் புகார்களைப் பரிசீலிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எதைத் தேடுகிறார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீடியோவைத் திறந்ததும் அவர் மனதில் மூன்று கேள்விகள் இருக்கும். இது நாங்கள் அனுப்பிய அதே பார்சல்தானா? கேமரா ஓடத் தொடங்கியபோது அது உண்மையிலேயே மூடியிருந்ததா? பெட்டியோ உள்ளே இருந்த பொருளோ ஒரு நொடியாவது காட்சியை விட்டு வெளியே போனதா? இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் போதும், நிராகரிப்பதற்கு. அவர் உங்களைப் பொய்யர் என்று நினைக்கிறார் என்று அர்த்தமில்லை. நம்பினாலும் கோப்பில் எழுதி மேலே அனுப்ப அவருக்கு ஒரு பிடி வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை ஏமாற்றியும் எடுக்கலாம். முன்னாலேயே பிரித்து, பொருளை எடுத்துவிட்டு, திரும்ப ஒட்டி, பிறகு கேமரா முன்னால் ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. இது பரிசீலிப்பவருக்கும் தெரியும். அதனால் வீடியோவின் பலம் படத்தின் தெளிவில் மட்டும் இல்லை. அவர்களுடைய சொந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய விவரம் அதில் எத்தனை இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவை மூன்று: டிராக்கிங் எண், எடை, சீரியல் நம்பர். இந்த மூன்றும் பெரும்பாலும் அனுப்பியவரிடமோ கூரியரிடமோ ஏற்கெனவே பதிவாகியிருக்கும். நீங்கள் மாற்ற முடியாது. நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு போட்டோவும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சரி, வாசலிலிருந்து வருவோம்.

டெலிவரி செய்பவர் அவசரத்தில் இருப்பார். ஆனாலும் கையெழுத்துப் போடும் முன், அல்லது ஓடிபி சொல்லும் முன், பெட்டியை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். டேப் பிரிந்து தொங்கினாலோ, பெட்டி கிழிந்திருந்தாலோ, பொருளுக்குப் பொருந்தாத அளவுக்கு லேசாக இருந்தாலோ வாங்க மறுப்பதுதான் நல்லது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்குப் பக்கத்தில் “வெளிப்பெட்டி சேதம், உள்ளே பார்க்கவில்லை” என்று ஒரு வரி எழுதுங்கள். கருவியில் கையெழுத்து வாங்குகிறார்கள், எழுத இடமில்லை என்றால், அவர் நிற்கும்போதே பெட்டியைப் போட்டோ எடுத்து, அந்த நிமிடமே கடைக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். குறிப்பு எதுவும் இல்லாத கையெழுத்தை, பெட்டி நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளமாகத்தான் பின்னால் காட்டுவார்கள்.

உள்ளே கொண்டுவந்ததும் முதல் வேலை போட்டோக்கள். பெட்டிக்கு ஆறு பக்கம், ஆறையும் எடுங்கள். பலர் லேபிள் இருக்கிற மேல்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். வழியில் திருடுகிறவன் பெரும்பாலும் மேல்பக்கத்தைத் தொட மாட்டான். லேபிளும் கடையின் பெயர் அச்சிட்ட டேப்பும் அங்கேதான் இருக்கும், தொட்டால் தெரிந்துவிடும். அடிப்பக்கத்தைத்தான் திறப்பான். இல்லையென்றால் பெட்டியின் ஒரு செங்குத்து மூலையில் தொழிற்சாலையிலேயே பசை போட்டு ஒட்டியிருக்கும் இணைப்பைப் பிரிப்பான். பெட்டி இல்லாமல் பிளாஸ்டிக் உறையில் வந்தால், மூடிய மடிப்பைவிட ஓரத் தையலைத்தான் கவனிக்க வேண்டும். வெப்பத்தால் இணைத்த ஓரம் ஒரே அகலத்தில் நேராகப் போகும். வெட்டித் திரும்ப ஒட்டிய இடத்தில் பசை படிந்து மொரமொரப்பாக இருக்கும், கோடும் வளையும்.

டேப்பை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்பை உரித்தால் அட்டையின் மேல்தாள் நாரோடு சேர்ந்து வந்துவிடும். அதே இடத்தில் புது டேப் ஒட்டினாலும் கீழே அட்டை சொரசொரப்பாக, நிறம் வெளுத்துத் தெரியும். டேப்பைப் பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி சாய்த்துப் பாருங்கள். நல்ல டேப் அட்டையோடு சமமாகப் படிந்திருக்கும். திரும்ப ஒட்டியதில் காற்றுக் குமிழிகளும், அடியில் சிக்கிய நார்த் துணுக்குகளும், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டேப்பின் ஓரமும் தெரியும். இரண்டு டேப்புகள் அகலத்திலோ நிறத்திலோ வித்தியாசப்பட்டால் அதையும் நெருக்கமாக எடுங்கள். சில கடைகள் உரித்தால் ‘VOID’ என்ற எழுத்தை அட்டையில் விட்டுச் செல்லும் பாதுகாப்பு டேப்பைப் பயன்படுத்துகின்றன. அந்த எழுத்து ஏற்கெனவே வெளியே தெரிந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ உரித்திருக்கிறார்கள். ஆனால் இரட்டை டேப் இருந்தாலே திருட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வழியில் பெட்டி பிரிந்துபோய், கூரியரே தங்கள் பெயர் போட்ட டேப்பால் ஒட்டியிருக்கலாம். படம் எடுங்கள், குற்றச்சாட்டை இப்போது எழுத வேண்டாம்.

லேபிளைத் தனியாக ஒரு போட்டோ, எழுத்தெல்லாம் படிக்கிற மாதிரி. பிளாஸ்டிக் பைக்குள் இருந்தால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும்; பெட்டியைச் சாய்த்து எடுங்கள். பெரும்பாலான கூரியர் லேபிள்கள் வெப்பத்தாளில் அச்சாகின்றன. நாளாக ஆகவும் சூடு பட்டாலும் எழுத்து மங்கிவிடும். பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறோமே, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால், தேவைப்படும் நாளில் டிராக்கிங் எண்ணே தெரியாமல் போகும்.

அடுத்தது எடை. என்னைக் கேட்டால், பலர் விட்டுவிடுகிற, ஆனால் எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம் இதுதான். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தாலே போதும். பிரிக்காத பெட்டியை அதன் மேல் வைத்து, எண்ணும் லேபிளும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். பெட்டி பெரிதாக இருந்து எண்ணை மறைத்தால், ஒரு கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கிண்ணத்தின் மேல் பெட்டியை வையுங்கள். தராசு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு, எடை அச்சிட்ட ஏதாவது ஒரு பாக்கெட்டையும் அதே தராசில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எடை ஏன் முக்கியம்? பெரிய கூரியர் மையங்களில் பெல்ட்டில் ஓடும்போதே பார்சலின் பார்கோடைப் படித்து, நீள அகல உயரத்தை அளந்து, எடையையும் பதிவு செய்யும் கருவிகள் இருக்கின்றன. அனுப்பிய இடத்தில் ஒரு எடை, நடுவில் ஒரு எடை, கடைசி மையத்தில் ஒரு எடை என்று அந்தப் பதிவுகள் அவர்களிடமே கிடக்கும். உங்கள் தராசு காட்டும் எண் அந்த வரிசையில் எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால், பொருள் எந்த இடத்தில் காணாமல் போனது என்பதே தெரிந்துவிடும்.

எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு புகாரை வைத்து இதைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே லென்ஸ்தான். வாங்கிய பெண் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் எடை போட்டார்: 0.86 கிலோ. லேபிளில் 2.4 கிலோ என்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் லென்ஸ் பெட்டிக்குள் மடித்த காகிதம். “2.4 கிலோ அனுப்பியதாகப் போட்டிருக்கிறீர்கள், 0.86தான் வந்தது, ஒன்றரைக் கிலோ எங்கே?” என்று எழுதினார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கூரியர் அதை ஒரே வரியில் தள்ளிவிட்டது: லேபிளில் இருப்பது கன அளவு எடை.

அது உண்மைதான். பெரிய, ஆனால் லேசான பெட்டிகளுக்குக் கூரியர்கள் இடத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவார்கள். சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். அவருடைய பெட்டி 30, 20, 20. பெருக்கினால் 12000, வகுத்தால் 2.4. ஆக அது தராசில் போட்ட எடையே இல்லை, கட்டணத்துக்கான எண். அதை வைத்து வாதாடியதால் புகார் முதல் சுற்றில் விழுந்தது.

இரண்டாவது சுற்றில் அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார். “ஒவ்வொரு மையத்திலும் இந்தப் பார்சலின் தராசு எடை என்னவென்று பதிவாகியிருக்கிறது? தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.” பதிவை எடுத்தபோது முதல் மையத்தில் 1.46 கிலோ, இரண்டாவதில் 1.45, டெலிவரிக்குக் கிளம்பிய கடைசி மையத்தில் 0.86. பத்து கிராம் வித்தியாசம் கருவிக்குக் கருவி வருவதுதான். அறுநூறு கிராம் வித்தியாசம் அப்படி வராது. லென்ஸின் எடை விவரத்தாளில் 690 கிராம்; அவர் உள்ளே கண்ட காகிதத்தை எடை போட்டு எடுத்திருந்த போட்டோவில் 90 கிராம். 1.46இலிருந்து 690 கிராமைக் கழித்து 90ஐக் கூட்டுங்கள், 0.86 வரும். கணக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. கடைக்காரர் லென்ஸை வைத்துத்தான் அனுப்பினார், வாங்கியவர் கைக்கு வரும்போது அது இல்லை, இரண்டாவது மையத்துக்கும் கடைசி மையத்துக்கும் நடுவில் போய்விட்டது. அவருடைய அடிப்பக்கப் போட்டோவில் இரட்டை டேப்பும் அடியில் கிழிந்த அட்டையும் தெளிவாகத் தெரிந்தன. பணம் திரும்ப வந்தது. அவருடைய வீடியோ ஒன்றும் பிரமாதமானது இல்லை. கொஞ்சம் இருட்டாகக்கூட இருந்தது. ஆனால் பிரிக்கும் முன் எடை போட்ட அந்த ஒரு படம் இல்லாவிட்டால் கடைசி மையத்தின் 0.86ஐ யாரும் தேடியே பார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லாக் கூரியரும் எல்லா மையத்திலும் எடை போடுவதில்லை. கேட்டால் தர வேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் இல்லை. வாங்கியவர் நேரடியாகக் கேட்டால் “அனுப்பியவர்தான் எங்கள் வாடிக்கையாளர்” என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கடையையே கூரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். தாங்கள் ஒழுங்காகத்தான் அனுப்பினோம் என்று காட்டுவதற்கு அந்தப் பதிவு கடைக்கும் உதவும் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இப்போது வீடியோவுக்கு வருவோம். ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பிரிக்காதீர்கள். கேமரா ஆடும், பெட்டி அடிக்கடி காட்சிக்கு வெளியே போகும். ஸ்டாண்டு இல்லையென்றால் புத்தகங்களை அடுக்கி, மேலிருந்து சாய்வாக மேசை முழுவதும் தெரிகிற மாதிரி ஃபோனை நிறுத்துங்கள். மேசையில் பார்சல், கத்தி, தராசு தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு கைகளும் முழுக்கத் தெரிய வேண்டும். சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பெட்டியைப் பிரிக்காமலே கேமராவை ஓட்டிப் பார்த்து, எந்தத் திசையில் திருப்பினாலும் அது சட்டகத்துக்குள் நிற்கிறதா என்று ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில ஃபோன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும். அப்புறம் நீங்கள் எடுக்கிற இரண்டாவது துண்டுக்கு மதிப்பில்லை. இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

தரம் 1080p இருந்தால் போதும், 4K தேவையே இல்லை. 1080p வீடியோ, ஃபோன் சேமிக்கும் முறையைப் பொறுத்து, நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 எம்பி வரை வரும். ஐந்து நிமிட வீடியோ என்றால் 300இலிருந்து 650 எம்பி. ஃபோனில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புகார்ப் பக்கங்கள் இவ்வளவு பெரிய கோப்பை ஏற்காமல் போகலாம். அதற்கு என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

பதிவு ஓடத் தொடங்கியதும் உடனே பிரிக்காதீர்கள். வேறொரு ஃபோன் இருந்தால் டிராக்கிங் பக்கத்தைத் திறந்து, டெலிவரி ஆன நேரத்தைக் கேமராவுக்குக் காட்டுங்கள். பிறகு லேபிளைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து, எழுத்து தெளிவாகும் வரை அசையாமல் பிடியுங்கள். டிராக்கிங் எண்ணைச் சத்தமாகப் படியுங்கள். படம் மங்கினாலும் குரல் இருக்கும். ஆறு பக்கத்தையும் மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள், போட்டோவில் கண்ட சந்தேக இடம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். தராசில் வையுங்கள், எண்ணைப் படியுங்கள். இதற்கே ஒன்றரை நிமிடம் ஆகும். பார்ப்பதற்குச் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் புகாரை நிறுத்தப்போவது இந்த ஒன்றரை நிமிடம்தான்.

வெட்டும்போது கத்தியை ஆழமாக இறக்காதீர்கள். “பொருளில் உள்ள கீறல் உங்கள் கத்தியால் வந்தது” என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. மேல்பக்க டேப்பின் நடுக்கோட்டில் மேலோட்டமாக இழுத்தால் போதும். லேபிளின் குறுக்கே வெட்ட வேண்டாம். அடிப்பக்கத்தில் சந்தேகமான டேப் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். திறந்ததும் உள்ளே இருப்பது எதையும் எடுப்பதற்கு முன் மேலிருந்து ஒரு முறை காட்டுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் சட்டகத்துக்குள்ளேயே வையுங்கள். குமிழித்தாள், காகிதம் எல்லாவற்றையும் விரித்துக் காட்டுங்கள். காலியான பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுங்கள். உள்ளே ஒரு சின்னப் பொருள் சிக்கியிருந்தது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாமல் இருக்க வேண்டும்.

பொருளின் சொந்தப் பெட்டியில் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும். அதைக் காட்டுங்கள். மேலே இறுக்கமாகச் சுற்றிய பிளாஸ்டிக் தாளோ சீலோ இருந்தால் அது முழுதாக இருக்கிறதா என்று காட்டிவிட்டுப் பிரியுங்கள். பிறகு பொருளின் மேல் உள்ள சீரியல் நம்பரைக் காட்டுங்கள். லென்ஸில் அது பெரும்பாலும் உடலிலேயே பொறித்திருக்கும், மவுண்டுக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பெட்டியில் ஒரு எண், பொருளில் வேறு எண் என்றால் யாரோ மாற்றிவைத்திருக்கிறார்கள். ரசீதிலும் சீரியல் நம்பர் அச்சாகியிருந்தால் மூன்றையும் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள். மொபைல் வாங்குகிறவர்கள் `*#06#` என்று டயல் செய்தால் திரையில் ஐஎம்இஐ எண் வரும். அதைப் பெட்டியின் எண்ணோடு ஒப்பிடலாம். ஆனால் பெட்டியின் எண்ணும் ரசீதின் எண்ணுமே பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள், ஆன் செய்ய வேண்டாம். ஆக்டிவேட் ஆன பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று பல கடைகளின் விதியில் இருக்கிறது.

உள்ளே தப்பான பொருள் இருந்தாலும், ஒன்றுமே இல்லாமல் போனாலும், முதலில் தோன்றுவது பதிவை நிறுத்திவிட்டுக் கடைக்கு ஃபோன் போடலாம் என்பதுதான். நிறுத்தாதீர்கள். வந்தது கல்லோ காகிதமோ, அதைத் தராசில் வைத்து எடையைக் காட்டுங்கள். பிறகு பெட்டி, உள்தாள், வந்த பொருள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடியும் எடை போடுங்கள். பிரிக்கும் முன் காட்டிய எண்ணே திரும்ப வர வேண்டும். அது வந்தால், பிரித்த பிறகு மேசையிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்பதற்கு அதைவிட நேரான சான்று வேறில்லை. ஐந்து பத்து கிராம் முன்பின் இருக்கலாம். அப்புறம் பதிவை நிறுத்துங்கள்.

எடுத்ததை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். தொடக்கத்தில் வெறும் மேசை தெரிகிற பத்து நொடியைக்கூட வெட்டாதீர்கள். மெசேஜ் செயலியில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கும், கோப்பில் பதிந்திருக்கும் தேதி, நேர விவரமும் போய்விடும். அதில்தான் அனுப்ப வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், மூலக் கோப்பு அப்படியே போகும். புகார்ப் பக்கம் பெரிய கோப்பை ஏற்காவிட்டால் மூலத்தைக் கிளவுடில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். அன்றைக்கே ஏற்றிவிட்டால் ஏற்றிய தேதியும் நேரமும் அந்தச் சர்வரில் பதிவாகும். ஃபோனின் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், சர்வரின் நேரத்தை உங்களால் மாற்ற முடியாது. சிறிதாக்கிய பிரதியைப் பக்கத்தில் ஏற்றினாலும், மூலம் உங்களிடம் இருப்பதாக எழுதிவிடுங்கள்.

புகாரில் எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். “பார்சல் கிடைக்கவில்லை” என்ற கட்டத்தை அழுத்தினால், டெலிவரி ஆன பதிவையும் உங்கள் ஓடிபியையும் காட்டி ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். பார்சல் வந்தது, அதனுள் பொருள் இல்லை அல்லது வேறு பொருள் இருந்தது. அதற்கான கட்டத்தைத் தேடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் ‘தவறான பொருள்’ என்பதுதான் அருகில் வரும். எழுதும்போது நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். பரிசீலிப்பவர் வீடியோ முழுவதையும் பார்க்க மாட்டார் என்றே வைத்துக்கொண்டு, எங்கே எது வருகிறது என்று நேரம் போட்டுக் கொடுங்கள். இந்த மாதிரி:

“இந்த ஆர்டரின் பார்சல் இன்று காலை டெலிவரி ஆனது. உள்ளே லென்ஸுக்குப் பதிலாக மடித்த காகிதம் இருந்தது. வீடியோ ஒரே பதிவு, வெட்டப்படவில்லை. 0:15இல் லேபிளும் டிராக்கிங் எண்ணும். 0:50இல் அடிப்பக்கத்தில் இரட்டை டேப், அடியில் கிழிந்த அட்டை. 1:20இல் பிரிக்கும் முன் எடை 0.86 கிலோ. 2:40இல் திறந்ததும் உள்ளே இருந்தது. 4:30இல் எல்லாம் சேர்த்து மறு எடை 0.86 கிலோ. லென்ஸின் எடை மட்டும் 690 கிராம். அனுப்பும்போதும் கூரியர் மையங்களிலும் பதிவான தராசு எடையைச் சரிபார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டி, டேப், உள்தாள் எல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன். முழுப் பணமும் திரும்ப வேண்டும்.”

இதில் “யாரோ திருடிவிட்டார்கள்” என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் செய்தது என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் கடைக்கும் நடுவிலான கணக்கில் அது தேவையும் இல்லை. கண்டதை மட்டும் எழுதினால் மறுப்பதற்கு அவர்களுக்குக் கிடைப்பது குறைவு.

வந்தவுடனே பிரித்துவிடுங்கள், ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். கடைகள் தரும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான், சில இடங்களில் 48 மணி நேரம் மட்டுமே இருக்கும். உங்கள் கடையின் விதியை ஆர்டர் போட்ட அன்றே படித்துவிடுங்கள். நாடு விட்டு நாடு விமானச் சரக்காக வரும் பொருளுக்கு, 1999இன் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்தை எழுத்தில் தெரிவிக்க 14 நாள் இருக்கிறது, ஆனால் தபால் வழி வருவதை அது கட்டுப்படுத்தாது. கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கி மூலம் தகராறு எழுப்ப இதைவிட நீண்ட அவகாசம் உண்டு. கடை மறுத்து அனுப்பிய மெயிலை அழிக்காமல் வையுங்கள். முதலில் கடையிடம் கேட்டீர்களா என்பதைத்தான் வங்கி பார்க்கும்.

புகார் முடியும் வரை பெட்டியையும் டேப்பையும் உள்தாளையும் தூக்கிப் போடாதீர்கள். நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று கூரியர் சொல்லலாம். காட்ட எதுவும் இல்லையென்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே கோப்பை மூடுவார்கள். வீடியோவைப் பொதுவெளியில் போட வேண்டும் என்று தோன்றினால், முகவரி, ஃபோன் எண், பார்கோடு, சீரியல் நம்பர் எல்லாவற்றையும் மறைத்த பிரதியைப் போடுங்கள். பார்கோடை மறக்காமல் மறையுங்கள், அதற்குள்தான் டிராக்கிங் எண் இருக்கிறது. கடைக்கு அனுப்பும் மூலத்தில் மட்டும் எதையும் மறைக்கக் கூடாது.

தப்பான பொருளைத் திரும்ப அனுப்பச் சொன்னால், இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பொருளைப் பெட்டியில் வைப்பது, ஒட்டுவது, புது லேபிள் ஒட்டுவது, எடை போடுவது என்று எல்லாம் ஒரே பதிவில் வரட்டும். எடுக்க வந்தவரிடம் கொடுக்கும்போது எடையோடு ரசீது வாங்குங்கள். “நீங்கள் அனுப்பிய பெட்டி காலியாக வந்தது” என்ற பதில் கடைப்பக்கத்திலிருந்தும் வருவதுண்டு. அப்போது உங்கள் பதிவோடு சேர்ந்து கைகொடுப்பது அந்த ரசீதின் எடைதான்.

இவ்வளவும் செய்தாலும் கடை மறுக்கலாம். வீடியோ இருந்தால் பணம் தந்தே ஆக வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் உரிமை போய்விட்டது என்று கடை சொன்னாலும் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வீடியோ எடுக்க முடியாமல் போனவர்கள்கூட எடைப் பதிவை வைத்தே பணம் வாங்கியிருக்கிறார்கள். பொருள் உள்ளே இருந்தும் வேலை செய்யாத வகைப் புகாருக்கு இந்த வீடியோ அவ்வளவாக உதவாது. வந்த அன்று வெளியே அடிபடவில்லை என்று மட்டும் காட்டும், உள்ளே உள்ள கோளாறைக் காட்டாது. லென்ஸைக் கேமராவில் மாட்டி ஃபோகஸ் ஓடுகிறதா, கண்ணாடிக்குள் பூஞ்சையோ கீறலோ தெரிகிறதா என்று அன்றைக்கே தனியாக ஒரு பதிவு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.